இரண்டாவது அண்டி ஆபீஸ்: 35 சதவீதம் எப்படி 12 ஆனது

கருங்கல் பக்கம் எங்களுக்கு ஒரு முந்திரிப்பருப்பு தொழிற்சாலை இருக்கிறது. முந்திரிக்கொட்டைக்கு எங்கள் ஊரில் அண்டி என்று பெயர். அதனால் யாரும் அதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, அண்டி ஆபீஸ் என்பார்கள். அப்பா தொடங்கியது. இப்போது அண்ணன் ஓட்டுகிறார், நான் கணக்கு பார்க்கிறேன், அண்ணன் மனைவியான மைனி தோலுரிக்கும் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஆர்டர் கூடிக்கொண்டே வந்ததால், ஆரல்வாய்மொழியில் அப்பா வாங்கிப் போட்ட நிலத்தில் இரண்டாவது ஆபீஸ் கட்டலாமா என்ற பேச்சு வந்தது.

இடம் மோசமில்லை. மேற்கே எங்களுக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு, பச்சை அண்டியைக் களத்தில் காயப்போடுவதே ஒரு போராட்டம். ஆரல்வாய்மொழியில் காற்று இருக்கிறது, வெயில் இருக்கிறது, தூத்துக்குடித் துறைமுகமும் அங்கிருந்து பக்கம். அண்ணன் ஒரு ஆலோசகரிடம் திட்ட அறிக்கை வாங்கி வந்தார். 240 லட்சம் முதலீடு, மூன்றே வருடத்தில் முதல் திரும்பும், போட்ட பணம் வருடத்துக்குத் தரும் விகிதம், அதாவது ஐ.ஆர்.ஆர்., 35%. வங்கி வட்டி 11% இருக்கும்போது 35% வருமானம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்த அறிக்கையின் கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை. அதில் வராமல் போன வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தபோது அதே ஆபீஸின் ஐ.ஆர்.ஆர். 12-க்கு இறங்கியது. எந்த வரி எவ்வளவு இறக்கியது என்பதைத்தான் எழுதப் போகிறேன். எண்கள் எங்கள் ஆபீஸின் அனுபவத்தை வைத்து நாங்கள் போட்ட மதிப்பீடுகள், படிக்க எளிதாக முழு லட்சமாக்கியிருக்கிறேன்.

அடிப்படை இது. வருடம் 10,000 மூட்டை, மூட்டைக்கு 80 கிலோ பச்சை அண்டி. பச்சை அண்டி விலை, கூலி, விறகு, டின் எல்லாம் போக மூட்டைக்கு 1,500 ரூபாய் மிஞ்சும் என்று எடுத்தோம். அது 150 லட்சம். மேலாளர், காவல், பராமரிப்பு, காப்பீடு என்று ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு 30 லட்சம். மீதி 120. எங்களுடையது கூட்டாண்மை நிறுவனம், அதனால் வருமான வரி செஸ் சேர்த்து 31.2%. கட்டடத்துக்கு 10%, இயந்திரத்துக்கு 15% தேய்மானம் கழித்துத்தான் வரி போடுவார்கள் என்பதால் வரி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். சராசரியாக வரி போகக் கையில் நிற்பது 87 லட்சம். வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் சர்சார்ஜும் உண்டு. அதை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் விடை இன்னும் கீழே போகும்.

தேய்மானம் கையை விட்டுப் போகும் பணம் அல்ல. அதனால் அதைச் செலவாகக் கழிக்கக் கூடாது, வரியைக் குறைக்கும் அளவுக்கு மட்டும் பார்க்க வேண்டும். கடன் வட்டியும் இந்த வரவு செலவில் வராது. வட்டிக்கான இடம், பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு விகிதத்தில் இருக்கிறது. இங்கேயும் கழித்து அங்கேயும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எடுத்ததாகிவிடும்.

அந்தக் கழிவு விகிதம் என்ன? வங்கிக் கடன் 11%, வட்டிக்கு வரிச்சலுகை கிடைப்பதால் எங்களுக்கு அது உண்மையில் 7.6% தான். சொந்தப் பணத்துக்கு 18% வைத்தேன், ஏனென்றால் இப்போதைய ஆபீஸில் போட்ட பணம் ஏறத்தாழ அவ்வளவு தருகிறது. பாதி கடன், பாதி சொந்தம். நடுவே வருவது 12.8. 13 என்று வைத்துக்கொண்டேன். 13%-இல் பார்த்தால் பத்தாவது வருடம் வரும் 87 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு ஏறத்தாழ 25 லட்சத்து 60 ஆயிரம். இப்படி ஒவ்வொரு வருடத்துப் பணத்தையும் இன்றைக்குக் கொண்டுவந்து, போடும் பணத்தைக் கழித்தால் மிஞ்சுவது நிகர நிகழ்கால மதிப்பு. கணக்கு எழுதுபவர்கள் என்.பி.வி. என்பார்கள். எந்த விகிதத்தில் அந்த மிச்சம் பூஜ்யமாகிறதோ அது ஐ.ஆர்.ஆர்.

அறிக்கையில் இருந்தது 110 லட்சம் கட்டடமும் களமும், 130 லட்சம் இயந்திரமும். பாய்லர், வேகவைக்கும் கொப்பரை, வெட்டும் இயந்திரங்கள், போர்மா, தோலுரிக்கும் இயந்திரம் எல்லாம் அதில் அடக்கம். முதல் வருடத்திலிருந்தே 87 லட்சம் வரவு, பத்து வருட முடிவில் இரும்பு விலைக்கு 40 லட்சம். இதைப் போட்டால் 35% வரும். சரிதான்.

ஆனால் அண்டி ஆபீஸ் நடத்தும் எவருக்கும் தெரியும், பணம் கட்டடத்தில் இல்லை, கிட்டங்கியில் மூட்டையாக அடுக்கியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க அண்டி வருடத்தின் முதல் பாதியில் அறுவடையாகும், தான்சானியா அண்டி வருடக் கடைசியில். பருவத்தில் வாங்கிப் போட்டு, பிறகு மாதக்கணக்கில் உடைக்கிறோம். பருப்பு போனாலும் வியாபாரியிடமிருந்து பணம் அன்றைக்கே வராது. எங்கள் பழைய ஆபீஸின் கணக்கைப் புரட்டிப் பார்த்தேன். வருடத்துக்கு உடைக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சராசரியாக 2,400 ரூபாய் சரக்கிலும் வர வேண்டிய பாக்கியிலும் முடங்கிக் கிடக்கிறது. 10,000 மூட்டைக்கு 240 லட்சம். அதாவது கட்டடமும் இயந்திரமும் சேர்ந்து எவ்வளவோ, அவ்வளவு பணம் இன்னொரு முறை.

அறிக்கையில் இதை ஏன் காணோம் என்று ஆலோசகரிடமே கேட்டேன். “அதுக்கு பேங்க்ல கேஷ் கிரெடிட் கிடைக்குமே சார்” என்றார். கிடைக்கும். ஆனால் யார் பணமாக இருந்தாலும் அது முடங்கும் பணம்தான், அதற்கும் விலை உண்டு. பத்தாவது வருடம் ஆபீஸை மூடினால் சரக்கை விற்று 240-ஐயும் எடுத்துவிடலாம் என்பது உண்மை. அதனால் கடைசியில் அதை வரவாகவே காட்டினேன். ஆனால் பத்து வருடம் கழித்து வரும் 240 லட்சம் இன்றைக்கு வெறும் 71 லட்சம். இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் ஐ.ஆர்.ஆர். 35-லிருந்து 16-க்கு விழுந்தது. வேறு எந்த வரியும் இந்த அளவுக்கு அடிக்கவில்லை.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். 2,400 ரூபாய்க்கு 13% என்றால் 312 ரூபாய். ஒவ்வொரு மூட்டைக்கும் 312 ரூபாய் யாரும் சீட்டு எழுதாத ஒரு கூலி போகிறது. அடுத்தவர் அண்டியைக் கூலிக்கு உடைத்துக் கொடுத்தால் அந்த 312 மிச்சமாகும். அப்படிச் செய்யலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. ஆனால் கூலி உடைப்பில் எங்களுக்கு மிஞ்சுவது மூட்டைக்கு 900 தான் என்று கணக்கானது. 600-ஐ விட்டுக் கொடுத்து 312-ஐ மிச்சம் பிடிப்பதில், வரியைக் கழித்துப் பார்த்தாலும், அர்த்தமில்லை. அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

அடுத்தது நிலம். இதில்தான் வீட்டில் சத்தம் வந்தது.

“டே, நிலம் நம்ம கையில கெடக்கு. அதுக்கு எதுக்குடே கணக்குல துட்டு எழுதுக?” என்றார் அண்ணன்.

“அண்ணே, இன்னைக்கு வித்தா 60 லட்சம் கெடைக்குமா, கெடைக்காதா?”

“கெடைக்கும். அதுக்காக அப்பா வாங்குன நிலத்த விக்கவா போறோம்?”

விற்கப் போவதில்லை என்பது குடும்ப முடிவு, அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஆபீஸ் கட்டினால் அந்த 60 லட்சத்தை ஆபீஸுக்குள் போடுகிறோம் என்பதுதான் பொருள். அப்பா அன்றைக்கு என்ன விலை கொடுத்தார் என்பது இங்கே தேவையில்லை, இன்றைக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் தேவை. அதேபோல, மண் பரிசோதனைக்கும் அறிக்கைக்கும் ஏற்கெனவே கொடுத்த பணத்தை நான் சேர்க்கவில்லை. கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது போனதுதான்.

பத்து வருடம் கழித்து நிலம் விலை ஏறியிருக்குமே என்று அண்ணன் விடவில்லை. ஏறியிருக்கலாம். ஆனால் அந்த ஏற்றத்தை உள்ளே வைத்தால் ஆபீஸின் நஷ்டத்தை நிலம் மறைத்துவிடும். நிலத்தில் லாபம் வேண்டுமென்றால் சும்மா போட்டாலே போதும், அதன்மேல் பாய்லர் வைக்க வேண்டாம். அதனால் போகும்போதும் 60, வரும்போதும் 60. ஐ.ஆர்.ஆர். 14 ஆனது.

மூன்றாவது வரியைத் தந்தது மைனி. முதல் வருடமே 10,000 மூட்டை என்று அறிக்கையில் இருந்ததை அவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். “ஆரல்வாய்மொழில தோலுரிக்க ஆளு கெடைக்கும். ஆனா கை பழகணும்லா? புதுப் பிள்ளையளு உரிச்சா மொத வருசம் முழுப் பருப்பு எங்க நிக்கும், பூரா ஒடைஞ்சில்லா வரும்” என்றார். இயந்திரம் உரித்தது போக மீதம் ஒட்டியிருக்கும் தோலைக் கத்தியால் எடுக்கும் வேலை அது. எங்கள் பழைய கூடத்தில் இருபது வருடம் உரித்த பெண்கள் இருக்கிறார்கள், கண் வேறெங்கோ இருக்கும், கையில் பருப்பு இரண்டாகப் பிளக்காது. முழுப் பருப்புக்கும் துண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில்தான் எங்கள் 1,500 ரூபாயே நிற்கிறது.

மைனியும் நானும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது இது: முதல் வருடம் 5,000 மூட்டை, மிச்சம் மூட்டைக்கு 1,200. இரண்டாம் வருடம் 8,000 மூட்டை, 1,400. மூன்றாம் வருடத்திலிருந்துதான் முழு வேகம். அப்படியானால் வரவு முதல் வருடம் 30 லட்சம், இரண்டாம் வருடம் 65, அப்புறம் 87. குறைவாக உடைப்பதால் சரக்குக்கான பணத்தையும் 160 லட்சம் தொடக்கத்தில், 80 லட்சம் முதல் வருட முடிவில் என்று பிரித்துப் போட்டேன். 30 வந்து 80 போவதால் முதல் வருடமும் 50 லட்சம் வெளியேதான் போகிறது.

மூட்டைக்கு மிச்சத்தை வருடாவருடம் ஏற்றிக்கொண்டு போகவில்லை. பருப்பு விலை ஏறும்போது பச்சை அண்டி விலையும் ஏறிவிடும், கூலியும் ஏறும். எங்கள் பழைய கணக்குகளில் மிச்சம் மேலும் கீழும் போயிருக்கிறதே தவிர, ஒரே சீராக ஏறியதில்லை.

எல்லாம் சேர்ந்த வரிசை இதுதான், லட்சத்தில். முதல் எண் இன்றைக்கு, கடைசி எண் பத்தாவது வருடம். கடைசி எண்ணில் சரக்கு 240, நிலம் 60, இரும்பு 40 மூன்றும் திரும்பி வருவது சேர்ந்திருக்கிறது.

```
-460  -50  65  87  87  87  87  87  87  87  427

=B2+NPV(13%,C2:L2)
=IRR(B2:L2)
```

எக்செல்லில் இதைப் போடுபவர்கள் முதல் சூத்திரத்தைக் கவனிக்க வேண்டும். NPV என்ற கட்டளை தனக்குக் கொடுக்கும் முதல் எண்ணையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால் இன்றைக்குப் போடும் பணம் B2 வெளியே நின்று கூட்டப்பட வேண்டும். B2-விலிருந்தே உள்ளே கொடுத்துவிட்டால் விடை 1.13-ஆல் வகுபட்டு வரும். IRR கட்டளைக்கு அப்படி இல்லை, அதற்கு முழு வரிசையையும் கொடுக்க வேண்டும்.

விடை: என்.பி.வி. கழித்தல் 26 லட்சம், ஐ.ஆர்.ஆர். 12%. நாங்கள் கேட்பது 13. அதாவது இந்த ஆபீஸ் நஷ்டத்தில் ஓடாது. வருடா வருடம் லாபம்தான் காட்டும், ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார், ஊரில் மரியாதையும் கூடும். ஆனால் போட்ட பணத்துக்கு அது தர வேண்டியதைத் தராது. லாபக் கணக்கைப் பார்த்தால் இது கண்ணில் படவே படாது.

26 லட்சம் குறைவு என்பது பெரிய குறைவா, சின்னக் குறைவா? இதைப் பார்க்க மூட்டைக்கு மிச்சத்தை மட்டும் 100 ரூபாய் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். 100 ரூபாய்க்கு என்.பி.வி. ஏறத்தாழ 34 லட்சம் நகர்கிறது. அப்படியானால் மிச்சம் 1,580 ஆனாலே ஆபீஸ் தேறிவிடும். 80 கிலோ மூட்டையில் 100 ரூபாய் என்பது கிலோவுக்கு ஒன்றேகால் ரூபாய். பச்சை அண்டி வாங்கும்போது அதைவிடப் பெரிய வித்தியாசத்தைப் பேரத்திலேயே பார்த்துவிடுகிறோம்.

இன்னும் பயம் காட்டியது அண்டியின் தரம். ஒரு மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதை வைத்துத்தான் பச்சை அண்டிக்கு விலை பேசுவோம். 48 பவுண்டு என்று நினைத்து வாங்கியது 47 தேறினால் மூட்டைக்கு 450 கிராம் பருப்பு போச்சு. கிலோ 600 ரூபாய் என்று வைத்தாலும் 270 ரூபாய். பத்து வருடமும் அப்படியே நடந்தால் என்.பி.வி.யில் 90 லட்சத்துக்கு மேல் அடி. மாதிரிக்கு அண்டியை வெட்டிப் பார்க்கும் அந்தக் கத்தி, கட்டடத்தின் சதுர அடிக் கணக்கைவிடப் பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் எண்ணாகப் பார்த்தோம்.

சரக்கைக் குறைத்துப் பார்த்தால் என்ன என்றும் போட்டுப் பார்த்தேன். பருவத்தில் மொத்தமாக இறக்குமதி செய்யாமல், தூத்துக்குடி இறக்குமதியாளரிடம் மாதாமாதம் எடுத்தால் 240 லட்சம் 180 ஆகும். என்.பி.வி. 40 லட்சம் ஏறி, 14 லட்சம் கூட்டலுக்கு வருகிறது. ஆனால் அவர் சும்மா வைத்திருப்பாரா? கிலோவுக்கு 50 பைசா கூட வைத்தாலே மூட்டைக்கு 40 ரூபாய், அந்த 14 லட்சம் அப்படியே போய்விடுகிறது.

இந்த நிலையில் இரண்டு வேறு வழிகளையும் இதே தாளில் போட்டோம்.

ஒன்று, கருங்கல் ஆபீஸிலேயே 50 லட்சத்துக்கு இயந்திரம் சேர்ப்பது. வருடம் 2,400 மூட்டை கூடுதலாக உடைக்கலாம், அதற்கு 58 லட்சம் சரக்கில் முடங்கும். ஆள் இருக்கிறது, மேலாளர் இருக்கிறார், புதிதாக நிலைச்செலவு இல்லை. வரி போக வருடம் 26 லட்சம். 108 லட்சம் போட்டு என்.பி.வி. 52 லட்சம், ஐ.ஆர்.ஆர். 23%.

இன்னொன்று, மார்த்தாண்டம் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு அண்டி ஆபீஸைக் குத்தகைக்கு எடுப்பது. வருட வாடகை 12 லட்சம் கேட்டார்கள். களம் இருக்கிறது, கிட்டங்கி இருக்கிறது, பாய்லரைப் பழுது பார்த்தால் ஓடும். பழுதுக்கும் புது இயந்திரத்துக்கும் 100 லட்சம். சரக்குக்கு அதே 240 தான், அதில் தப்ப முடியாது. சுற்றுவட்டாரத்தில் உரித்துப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் மைனி சொன்ன மெதுவான தொடக்கத்தையே இதற்கும் வைத்தேன், எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும் என்று. வாடகையும் வரியும் போக மூன்றாம் வருடத்திலிருந்து 76 லட்சம். என்.பி.வி. 90 லட்சம், ஐ.ஆர்.ஆர். 18%.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வங்கி வரம்பும் இல்லை, அண்ணனுக்கு இரண்டு உடம்பும் இல்லை. எதை எடுப்பது? ஐ.ஆர்.ஆரைப் பார்த்தால் 23 தான் பெரிது. என்.பி.வி.யைப் பார்த்தால் 90 தான் பெரிது. சின்ன முதலீட்டுக்குச் சதவீதம் எப்போதும் அழகாகத் தெரியும். 108 லட்சத்துக்கு 23% வாங்கினால், மீதிப் பணம் எங்கே போகும் என்று அந்தச் சதவீதம் சொல்லாது.

இதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது. பெரிய திட்டத்தின் வரிசையிலிருந்து சின்னத் திட்டத்தின் வரிசையை வருடத்துக்கு வருடம் கழிக்க வேண்டும். மிஞ்சும் வரிசை, “சின்னதை விட்டுப் பெரியதுக்குப் போனால் கூடுதலாகப் போடும் பணம் என்ன தருகிறது” என்பதைச் சொல்லும். எங்களுக்கு வந்தது இப்படி: இன்றைக்குக் கூடுதலாக 152 லட்சம், முதல் வருடம் இன்னும் 88, இரண்டாம் வருடம் 28 வரவு, பிறகு வருடம் 50, கடைசியில் அதோடு, திரும்பி வரும் சரக்குப் பணத்திலும் இரும்பு விலையிலும் உள்ள வித்தியாசம் 197 சேர்த்து. இதன் ஐ.ஆர்.ஆர். ஏறத்தாழ 16%. கூடுதல் பணம் தனியாக 16 தருகிறது, எங்களுக்கு வேண்டியது 13. அப்படியானால் குத்தகைதான் மேல். கூடுதல் வரிசையின் விடை 11 என்று வந்திருந்தால், 18% என்ற எண்ணை மறந்துவிட்டு கருங்கல்லிலேயே இயந்திரம் போட்டிருப்போம்.

அண்ணனுக்குக் குத்தகை என்றால் பிடிக்காது. “அடுத்தவன் எடம். அஞ்சு வருசத்துல எறங்குன்னு சொல்லிட்டா என்ன செய்வ?” என்றார். நியாயமான கேள்வி. ஐந்தாவது வருட முடிவில் இறங்குவதாகவே வைத்து, இயந்திரங்களை 35 லட்சத்துக்கு விற்று, சரக்குப் பணம் 240-ஐ எடுத்துக்கொண்டு வருவதாக மறுபடியும் போட்டேன். என்.பி.வி. 17 லட்சம், இன்னும் கூட்டலில்தான் இருக்கிறது. மூட்டையில் கிடக்கும் பணத்தை எந்த வருடமும் எடுத்துவிடலாம், ஆரல்வாய்மொழியில் கட்டும் சுவரை அப்படி எடுக்க முடியாது. முன்பு ஐ.ஆர்.ஆரை அவ்வளவு இறக்கிய அதே சரக்குப் பணம்தான் இங்கே காப்பாற்றுகிறது. இறங்கும் நேரத்தில் பருப்பு விலை சரிந்திருந்தால் 240 முழுதாக வராது என்பதையும் அண்ணனிடம் சொன்னேன். அதில் பத்து சதவீதம் குறைந்து 216 வந்தாலும் 13 லட்சம் போய் 4 லட்சம் நிற்கும். 208-க்குக் கீழே போனால் நிற்காது. அதனால் கடைசி வருடம் சரக்கு சேர்த்து வைக்காமல், கையில் இருப்பதை உடைத்துக்கொண்டே வர வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

இப்போது பேச்சு வாடகையில் நிற்கிறது. இடத்துக்காரர் 12 என்று தொடங்கி, நாங்கள் பாய்லரைப் பார்க்க ஆள் கூட்டிப் போனதைக் கண்டதும் 14 ஆக்கிவிட்டார். 2 லட்சம் கூடினால் எங்களுக்கு ஐந்து வருடக் கணக்கில் என்.பி.வி. 5 லட்சம்தான் குறையும், தாங்கலாம். எதுவரை தாங்கும் என்று பார்த்தேன். ஐந்து வருடத்துக்கு என்.பி.வி. பூஜ்யமாகும் வாடகை 19 லட்சம். பத்து வருடம் உறுதி என்றால் 36 வரை கூடப் போகலாம், ஆனால் அந்த எண்ணை அண்ணனிடம் சொல்லவில்லை, பேரத்தில் முகத்தில் தெரிந்துவிடும். ஐந்து வருடத்துக்குள் இறங்கச் சொல்ல முடியாதபடி பத்திரத்தில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், பாய்லர் பழுதுச் செலவில் ஒரு பங்கை முதல் வருட வாடகையில் கழிக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை அண்ணனும் இடத்துக்காரரும் மறுபடி உட்காருகிறார்கள். 19-ஐத் தாண்டினால் எழுந்து வந்துவிட வேண்டும், கருங்கல்லில் இயந்திரம் போடுவது எப்படியும் கையில் இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.